இரண்டு கையும் ஒரு மூலையும்

ஒரு வெள்ளைச் சிப்பியை ஈர மணலில் வையுங்கள். அதற்கு வலப்பக்கம் ஒரு புளியங்கொட்டை, கீழே ஒரு புளியங்கொட்டை, இரண்டுக்கும் நடுவே வெறுமையாக நிற்கும் மூலையில் இன்னொரு புளியங்கொட்டை. சிப்பி ஒன்று, கொட்டை மூன்று, ஆக நான்கு. பக்கத்துக்கு இரண்டு வீதம் ஒரு சதுரம் வந்துவிட்டது. இப்போது மீண்டும் சிப்பியின் முறை. வலப்பக்கம் இரண்டு, கீழே இரண்டு, மூலைக்கு ஒன்று என்று ஐந்து சிப்பிகளை வைத்தால் பக்கத்துக்கு மூன்று வீதம் ஒன்பது. அடுத்துக் கொட்டை ஏழு. அதோடு பதினாறு.

தேற்றாத்தீவில் இதற்கான பொருளுக்குப் பஞ்சம் கிடையாது. கிழக்கே கடல், மேற்கே மட்டக்களப்பு வாவி, நடுவில் கல்முனைக்குப் போகும் வீதி. கடற்பக்கம் போனால் அலை நனைத்துவிட்டுப் போன மணல் இறுகிக் கிடக்கும். சிப்பியும் அங்கேயே பொறுக்கலாம். புளியங்கொட்டை எந்த வீட்டுக் குசினியிலும் இருக்கும். சிப்பியும் கொட்டையும் மாறி மாறி வந்தால் வெள்ளையும் கறுப்புமாக ஒவ்வொரு சுற்றும் தனித்துத் தெரியும். அந்த நிற மாற்றம் அழகுக்காக மட்டுமல்ல. நிறுவலில் பாதி வேலையை அதுதான் செய்கிறது.

சொல்ல வந்த செய்தி சிறியது. 1-இல் தொடங்கி ஒற்றை எண்களை வரிசை தவறாமல் கூட்டிக்கொண்டு போனால், எந்த இடத்தில் நிறுத்தினாலும் கிடைப்பது ஒரு சதுர எண். 1, 4, 9, 16, 25 என்று அது வளர்கிறது. எத்தனை ஒற்றை எண்களைக் கூட்டினோமோ, அந்த எண்ணிக்கையின் வர்க்கமே விடை. எங்கள் பள்ளிக்கூடங்களில் எண் கோலங்கள் படிக்கும் பிள்ளைகள் எல்லோரும் இதைக் கடந்துதான் வருகிறார்கள். அட்டவணையில் ஐந்தாறு வரிகளை நிரப்புவார்கள், சூத்திரத்தைப் பாடமாக்குவார்கள், அடுத்த பயிற்சிக்குப் போய்விடுவார்கள். ஏன் அப்படி வருகிறது என்ற கேள்விக்கு ஒரு வரிப்படம் போதும் என்பதை நின்று பார்க்க அவர்களுக்கு நேரம் கிடைப்பதில்லை.

அந்த வரிப்படத்தைக் கட்டம் போட்ட கொப்பியில் எப்படி வரைவது? பக்கத்துக்கு நான்கு கட்டம் உள்ள ஒரு சதுரத்தை எடுத்து, எந்தக் கட்டம் எத்தனையாவது சுற்றில் சேர்ந்தது என்பதை அதற்குள்ளேயே எழுதிவிடுங்கள்.

```
1 2 3 4
2 2 3 4
3 3 3 4
4 4 4 4
```

1 என்று எழுதிய கட்டம் ஒன்று, 2 என்று எழுதியவை மூன்று, 3 என்று எழுதியவை ஐந்து, 4 என்று எழுதியவை ஏழு. ஒரே எண் உள்ள கட்டங்கள் சேர்ந்து தச்சர் கையிலிருக்கும் மூலைமட்டம் மாதிரி ஓர் உருவத்தைத் தருகின்றன. ஒவ்வொரு சுற்றையும் மூலைமட்டம் என்றே இனி அழைப்போம். இரண்டு கை, சந்திக்கும் இடத்தில் ஒரு மூலை. எண்களை எழுதுவதற்குப் பதிலாக ஒன்றுவிட்டு ஒன்றுக்கு நிறம் தீட்டினாலும் இதே படம்தான்.

படம் வரைந்தாயிற்று. இது நிறுவலாகிவிட்டதா?

எங்கள் அக்காவின் மகள் தரம் 8 படிக்கிறாள். மணலில் ஐந்து சுற்று வைத்து முடித்ததும் நிமிர்ந்து பார்த்துக் கேட்டாள். “அஞ்சு மட்டுக்கும் சரிதான் மாமா. நூறு மட்டுக்கும் ஆர் வச்சுப் பார்த்த?”

கேட்க வேண்டிய கேள்வியே அதுதான். ஐந்து முறை சரியாக வந்தது ஆறாவது முறையும் சரிவரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. கணிதத்தில் இப்படி ஏமாந்த கதைகள் உண்டு. ஒரு வட்டத்தின் மேல் சில புள்ளிகளை வைத்து, எல்லாப் புள்ளிகளையும் ஒன்றோடொன்று கோடுகளால் இணைத்து, வட்டம் எத்தனை துண்டாகிறது என்று எண்ணினால், ஒரு புள்ளிக்கு 1, இரண்டுக்கு 2, மூன்றுக்கு 4, நான்குக்கு 8, ஐந்துக்கு 16. அடுத்தது 32 என்று யாரும் சொல்வார்கள். ஆறு புள்ளிகளை வைத்து, எந்த மூன்று கோடுகளும் ஒரே இடத்தில் வெட்டாதபடி பார்த்து வரைந்து எண்ணுங்கள். 31தான் வரும். எத்தனை தடவை வரைந்தாலும் அந்த ஒன்று கிடைக்காது. ஆகவே வரிசை அழகாகப் போகிறது என்பதை வைத்து மட்டும் எதையும் நம்ப முடியாது.

“வைக்கத் தேவையில்ல புள்ள. இந்தக் கை எவ்வளவு நீளம் எண்டு மட்டும் பாரு” என்றேன்.

அவள் பார்த்தாள். கடைசியாக வைத்த மூலைமட்டத்தின் நிமிர்ந்த கையில் நான்கு, படுத்த கையில் நான்கு, மூலையில் ஒன்று. “ஏன் நாலு?” என்று கேட்டேன். “உள்ளுக்க இருக்கிற சதுரம் நாலுக்கு நாலுதானே மாமா. அதிண்ட பக்கத்தில ஒட்டி வைக்கிறதும் நாலுதானே வரும்” என்றாள். கொஞ்சம் நின்று, “மறுகா எந்தச் சதுரத்துக்கும் இப்பிடித்தானே?” என்றாள்.

நிறுவல் முடிந்தது அந்தக் கேள்வியில்தான். உள்ளே இருக்கும் சதுரத்தின் பக்கம் n என்றால், வலப்பக்கத்தை மூட n வேண்டும், கீழ்ப்பக்கத்தை மூட n வேண்டும், மூலையை அடைக்க ஒன்று வேண்டும். கூட்டினால் `n + n + 1`. இது எப்போதும் ஓர் ஒற்றை எண். அது மட்டுமல்ல, பக்கம் ஒன்றால் கூடும்போது இரண்டு கைகளும் ஒவ்வொன்றால் நீள்வதால், அடுத்த மூலைமட்டம் முந்தையதைவிடச் சரியாக இரண்டு கூடுதலாக இருக்கும். அதாவது ஒற்றை எண் ஒன்றுகூடத் தவறாமல், வரிசை மாறாமல் வந்துகொண்டே இருக்கும். நான்காம் சதுரத்தில் உண்மையாக இருப்பது நானூறாம் சதுரத்திலும் உண்மை. ஏனெனில் இந்தக் காரணத்துக்குள் நான்கு என்ற எண் எங்குமே நுழையவில்லை.

உயர்தரத்தில் இணைந்த கணிதம் எடுத்தவர்கள் இதைக் கணிதத் தொகுத்தறிவு என்று அடையாளம் கண்டிருப்பார்கள். முதற்படி உண்மை, எந்தப் படி உண்மையானாலும் அதற்கடுத்த படியும் உண்மை, ஆகவே எல்லாப் படிகளும் உண்மை. சிசிலித் தீவைச் சேர்ந்த மவுரோலிக்கோவின் நூல் 1575இல் வெளிவந்தபோது, ஒற்றை எண்களின் கூட்டுத்தொகையை அவர் இந்த முறையில்தான் நிறுவியிருந்தார். தொகுத்தறிவின் முதல் எடுத்துக்காட்டாக இன்றைய பாடநூல்கள் பலவும் இதையே கொடுக்கின்றன. மணலில் சிப்பி வைத்த பிள்ளை அந்தப் பெயரைக் கேள்விப்பட்டிருக்க மாட்டாள். ஆனால் ஒரு படியிலிருந்து அடுத்த படிக்குப் போகும் வழியைக் கண்ணால் கண்டுவிட்டாள்.

இப்படிப் படமே பேசிவிடுகிற நிறுவலைச் சொல்லில்லா நிறுவல் என்பார்கள். அமெரிக்கக் கணிதச் சங்கம் ஒன்று ரோஜர் நெல்சன் தொகுத்த இத்தகைய படங்களை 1993இல் ஒரு நூலாகவே வெளியிட்டது. சொல் இல்லை என்பதால் வரைவது சுலபம் என்று நினைத்துவிடக் கூடாது. சொல் செய்ய வேண்டிய வேலை முழுவதையும் நிறமும் இடமும் அளவும் செய்தாக வேண்டும்.

முதலில், எத்தனை சுற்று வரைவது என்பதைத் தீர்மானிக்க வேண்டும். மூன்று சுற்றோடு நிறுத்தினால் 1, 3, 5 என்பது தற்செயலாக அமைந்ததுபோல் தோன்றும். பத்துச் சுற்று வரைந்தால் பார்ப்பவர் கட்டங்களை எண்ணத் தொடங்கிவிடுவார். எண்ணத் தொடங்கியவுடன் காரணம் பார்வையிலிருந்து மறைந்துவிடும். நான்கும் ஐந்தும் அளவானவை. ஒரே பார்வையில் பிடிபடும், அதேவேளை வளர்கிறது என்பதும் தெரியும்.

இரண்டாவது, கடைசி மூலைமட்டத்தின் மூலைக் கட்டத்தை மட்டும் வேறு நிறத்தால் தீட்டுவது. பல புத்தகங்களில் இதைச் செய்யாமல் விட்டுவிடுகிறார்கள். என் பார்வையில் அது பெரிய குறை. மூலை தனித்துத் தெரிந்தால்தான் கை இரண்டும் சமம் என்பதும், அவை உள்சதுரத்தின் பக்கத்துக்குச் சமம் என்பதும் ஒரு நொடியில் விளங்கும். மூலை தெரியாவிட்டால் ஒரு பிள்ளை நிமிர்ந்த கையை மேலிருந்து கீழ்வரை எண்ணி ஐந்து என்பான், படுத்த கையை இடமிருந்து வலம்வரை எண்ணி ஐந்து என்பான், கூட்டிப் பத்து என்பான். மூலையை இரண்டு தடவை எண்ணியதால் வந்த பிழை அது. கண்டுபிடிப்பதும் எளிது: மூலைமட்டத்துக்கு ஓர் இரட்டை எண் விடையாக வந்தால், மூலை இரட்டிப்பாக எண்ணப்பட்டிருக்கிறது, அல்லது எண்ணப்படாமலே போயிருக்கிறது.

இன்னொரு தவறும் மணலில் அடிக்கடி நடக்கும். சதுரத்தை இரண்டு பக்கம் மட்டும் வளர்க்காமல், நடுச் சிப்பியைச் சுற்றி நான்கு பக்கமும் வேலி அடைப்பதுபோல் வைத்துவிடுவார்கள். அப்போது முதற் சுற்றுக்கு எட்டுக் கொட்டை, அடுத்த சுற்றுக்குப் பதினாறு சிப்பி, அதற்கடுத்து இருபத்துநான்கு கொட்டை. சதுரங்கள் 1, 9, 25, 49 என்று ஒன்றுவிட்டு ஒன்றாகத் தாவும். இதுவும் உண்மைதான், ஆனால் வேறோர் உண்மை. ஒரு வேலிக்குள் அடுத்தடுத்த இரண்டு மூலைமட்டங்கள் ஒளிந்திருக்கின்றன. எட்டு என்பது மூன்றும் ஐந்தும், பதினாறு என்பது ஏழும் ஒன்பதும். ஒற்றை எண்கள் ஒவ்வொன்றாகத் தெரிய வேண்டுமானால் ஒரு மூலையை அசையாமல் வைத்துக்கொண்டு அதற்கு எதிர் மூலையை மட்டும் வளர்க்க வேண்டும்.

படத்தை வாசிக்கத் தெரிந்தவருக்குச் சூத்திரம் தேவைப்படாது. 1 முதல் 99 வரையுள்ள ஒற்றை எண்களின் கூட்டுத்தொகை என்ன என்று கேட்டால், அவசரத்தில் சிலர் 99-இன் வர்க்கம் என்பார்கள், சிலர் 100-இன் வர்க்கம் என்பார்கள். எத்தனை எண்களைக் கூட்டுகிறோம் என்பதில்தான் அவர்கள் தடுமாறுவது. படத்திடம் கேளுங்கள். கடைசி மூலைமட்டத்தில் 99 கட்டங்கள். மூலைக்கு ஒன்று போனால் மீதி 98, கைக்கு 49. உள்சதுரத்தின் பக்கம் 49 என்றால் மூலைமட்டம் சேர்ந்த பிறகு பக்கம் 50. ஆகவே விடை 2500.

51 முதல் 99 வரையுள்ளவற்றை மட்டும் கூட்டச் சொன்னால்? 1 முதல் 49 வரையுள்ள மூலைமட்டங்கள் சேர்ந்து 25-க்கு 25 சதுரமொன்றை ஏற்கெனவே கட்டிவிட்டன. அதில் 625 கட்டங்கள். அதைப் பெரிய சதுரத்திலிருந்து எடுத்துவிட்டால் மீதி 1875. இந்த 1875 என்பது 625-இன் சரியான மூன்று மடங்கு. அது ஏன் என்பதைக் கொஞ்சம் நிறுத்தி வைப்போம். பின்னால் தேவைப்படும்.

இதே படத்துக்குள் மேசன்மார் தினமும் பயன்படுத்தும் ஒன்றும் இருக்கிறது. வீட்டு அத்திவாரத்துக்கு மூலை நேராக இருக்கிறதா என்று பார்க்க, ஒரு பக்கம் மூன்று அடியும் மறுபக்கம் நான்கு அடியும் குறித்து, குறுக்கே ஐந்து அடி வருகிறதா என்று நாடா பிடிப்பார்கள். மூலைமட்டங்களில் எதுவாவது ஒன்று தானே ஒரு சதுர எண்ணாக இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். ஒன்றை விட்டுவிட்டால் முதலில் வருவது ஒன்பது. அதன் கைகள் நான்கு நான்கு. நான்குக்கு நான்கு சதுரத்தோடு மூன்றுக்கு மூன்று சதுரம் அளவு கட்டங்களைச் சேர்த்தால் ஐந்துக்கு ஐந்து சதுரம். மேசனின் 3, 4, 5 அதுதான். அடுத்துச் சதுரமாக வரும் மூலைமட்டம் 25. கைகள் பன்னிரண்டு, ஆகவே 5, 12, 13. ஒற்றைச் சதுர எண்கள் தீராதவை என்பதால் இப்படியான செங்கோண முக்கோணிகளும் தீராதவை. இத்தாலியின் பிபனாச்சி 1225இல் எழுதிய நூலில் இந்த வழியைத்தான் காட்டியிருக்கிறார்.

மூலைமட்டங்களால் சதுரத்தை வளர்ப்பது பழைய கிரேக்கர்களுக்கும் தெரிந்திருந்தது. ஆனால் தொடர்களைப் படமாகவே பார்த்து, படத்தையே நிறுவலாக எழுதிய ஒருவர் நமக்கு இன்னும் அண்மையில் இருந்தார். கேரளத்தில் இன்றைய திரூருக்கு அருகே திருக்கண்டியூரில் வாழ்ந்த நீலகண்ட சோமயாஜி. 1444இல் பிறந்தவர். அவருடைய காலத்துக்கு ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகளுக்கு முன், 499இல், ஆரியபடர் தம் நூலின் கணிதப் பகுதியில் கூட்டல் விருத்தியின் கூட்டுத்தொகைக்கு ஒரு விதி கொடுத்திருந்தார். விதி மட்டும்தான். விதிகள் செய்யுளுக்குள் அடங்க வேண்டிய நூலில் காரணத்துக்கு இடமில்லை. நீலகண்டர் அந்த நூலுக்கு விரிவான உரை எழுதியபோது, விதி ஏன் உண்மை என்பதைக் காட்டும் பொறுப்பைத் தாமே எடுத்துக்கொண்டார்.

அவர் செய்தது இது. தொடரின் ஒவ்வோர் எண்ணையும் ஒரு பட்டியாக எடுத்தார். அகலம் எல்லாப் பட்டிக்கும் ஒன்று, நீளம் அந்த எண். பட்டிகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கினால் ஒருபக்கம் படிபடியாக இறங்கும் ஓர் உருவம் கிடைக்கும். அதே மாதிரி இன்னோர் உருவத்தைச் செய்து, தலைகீழாகத் திருப்பி, முதல் உருவத்தோடு பொருத்தினார். இரண்டும் கச்சிதமாகப் பொருந்தி ஒரு செவ்வகமாகிவிடும். செவ்வகத்தின் பரப்பளவு தெரிந்தால் அதில் பாதிதான் தொடரின் கூட்டுத்தொகை.

அவருடைய வழியில் நம்முடைய நான்கு ஒற்றை எண்களை அடுக்கிப் பார்க்கலாம். கறுப்பு முதல் உருவம், வெள்ளை அதன் தலைகீழ்ச் சோடி.

```
● ○ ○ ○ ○ ○ ○ ○
● ● ● ○ ○ ○ ○ ○
● ● ● ● ● ○ ○ ○
● ● ● ● ● ● ● ○
```

மேல் வரியில் ஒன்றும் ஏழும், அடுத்ததில் மூன்றும் ஐந்தும், பிறகு ஐந்தும் மூன்றும், கடைசியில் ஏழும் ஒன்றும். ஒவ்வொரு வரியும் எட்டு. கீழே ஒரு வரி இறங்கும்போது கறுப்பு இரண்டால் கூடுகிறது, வெள்ளை இரண்டால் குறைகிறது, ஆகவே வரியின் நீளம் மாற வழியே இல்லை. நான்கு வரி, எட்டு நிரல், மொத்தம் 32. பாதி 16. பொதுவாகச் சொன்னால் n வரி, ஒவ்வொன்றும் `2n` நீளம், பாதி எடுத்தால் `n²`.

இந்த இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில் எனக்கு அலுப்பே வருவதில்லை. இரண்டும் ஒரே உண்மையைச் சொல்கின்றன, ஆனால் சொல்லும் காரணம் வேறு. மூலைமட்டப் படத்தில் சதுரம் கண்முன்னே பிறக்கிறது. ஒரு சதுரத்திலிருந்து அடுத்த சதுரம் எப்படி வந்தது என்பது தெரிகிறது. நீலகண்டரின் படத்தில் வளர்ச்சி எதுவும் இல்லை. முழுத் தொடரும் ஒரே தடவையில் அளக்கப்படுகிறது. அதற்கு ஒரு பெரிய வசதி உண்டு: ஒற்றை எண்களுக்கு மட்டுமல்ல, எந்தக் கூட்டல் விருத்திக்கும் அது பொருந்தும். 5, 8, 11, 14 என்று எடுத்தாலும் இரண்டு உருவங்களும் சேர்ந்து செவ்வகமாகும். மூலைமட்டத்தால் அது முடியாது. ஆனால் நீலகண்டரின் படத்தில் சதுரம் கண்ணுக்குத் தெரியாது. செவ்வகத்தைப் பாதியாக்கிய பிறகு கணக்கில்தான் அது வெளிப்படும். ஒற்றை எண்களுக்குச் சதுரத்தோடு உள்ள உறவை அறிய வேண்டுமானால் மூலைமட்டத்திடம்தான் போக வேண்டும். நீலகண்டர் தட்டையான உருவங்களோடு நிற்கவில்லை. வர்க்கங்களின் கூட்டுத்தொகைக்குக் கனவுருவத் துண்டுகளைச் செய்து, ஆறு தொகுதிகளைப் பொருத்தி ஒரு பெட்டியாக்கிக் காட்டினார்.

படத்தை இவ்வளவு நம்பலாமா என்று சந்தேகிப்பவர்கள் உண்டு. அவர்களுடைய சந்தேகம் நியாயமானது. எட்டுக்கு எட்டுச் சதுரமொன்றைக் கட்டக் கடதாசியில் வரைந்து, நான்கு துண்டாக வெட்டுங்கள். முதலில் சதுரத்தை மூன்று கட்டமும் ஐந்து கட்டமும் உயரமான இரண்டு பட்டிகளாகப் பிரியுங்கள். சிறிய பட்டியை மூலைக்கு மூலை வெட்டினால் இரண்டு முக்கோணி. பெரிய பட்டியை, மேல் விளிம்பில் ஒரு முனையிலிருந்து மூன்றும் கீழ் விளிம்பில் அதே முனையிலிருந்து ஐந்தும் தள்ளிய புள்ளிகளை இணைத்துச் சரிவாக வெட்டினால் இரண்டு சரிவகம். இந்த நான்கையும் மாற்றி அடுக்கினால் ஐந்துக்குப் பதின்மூன்று செவ்வகம் கிடைப்பதுபோல் தோன்றும். சதுரத்தில் 64 கட்டங்கள், செவ்வகத்தில் 65. ஒரு கட்டம் எங்கிருந்து வந்தது?

எங்கிருந்தும் வரவில்லை. செவ்வகத்தின் மூலைவிட்டம்போலத் தெரிவது ஒரே நேர்கோடு அல்ல. முக்கோணியின் சரிவு எட்டுக்கு மூன்று, சரிவகத்தின் சரிவு ஐந்துக்கு இரண்டு. தசமத்தில் 0.375உம் 0.4உம். வித்தியாசம் கண்ணுக்குப் பிடிபடாத அளவு சிறியது. நடுவில் ஊசிபோல மெல்லிய ஓர் இடைவெளி நீளமாகக் கிடக்கிறது, அதன் பரப்பளவு சரியாக ஒரு கட்டம். கூரான பென்சிலால் பெரிதாக வரைந்தால் இடைவெளி தெரியும். தடித்த பேனையால் வரைந்தால் கோட்டுக்குள்ளேயே மறைந்துவிடும்.

இந்தப் பொறி எங்கே பதுங்கியிருந்தது என்று பார்த்தால், எங்கே படத்தை நம்பலாம் என்பதும் தெரியும். சரிவான இரண்டு ஓரங்கள் பொருந்துகின்றன என்று கண் சொன்னதை நாம் ஏற்றுக்கொண்டோம். பொருந்துவதற்கான காரணத்தைக் கேட்கவில்லை. மூலைமட்டப் படத்தில் அப்படிக் கண்ணை நம்பி ஏற்றுக்கொள்ளும் இடமே இல்லை. சரிவான கோடு ஒன்றுகூடக் கிடையாது. எல்லாம் முழுக் கட்டங்கள். கையின் நீளம் உள்சதுரத்தின் பக்கத்துக்குச் சமம் என்பது பார்த்து மதிப்பிட்டது அல்ல. ஒரு வரிசைக்கு எதிரே ஒரு கட்டம் என்று வைத்ததால் அது சமமாகத்தான் இருக்க முடியும். கோணலாக, கையால் கிறுக்கலாக வரைந்தாலும் காரணம் கெடாது. சிப்பிகள் ஒரே அளவில் இல்லாவிட்டாலும் கெடாது. வரைந்தவரின் கைத்திறமையில் தங்கியிராத படமே நிறுவலாக நிற்கும்.

இனி மூலைமட்டங்களைத் தென்னந்தோப்புக்குக் கொண்டுபோவோம். ஏறத்தாழ இருபது மீற்றர் உயரமான தென்னையிலிருந்து ஒரு தேங்காய் விழுகிறது. நிலத்தைத் தொட அதற்கு இரண்டு செக்கன் ஆகும். முதற் செக்கனில் அது கடக்கும் தூரம் 4.9 மீற்றர்தான். இரண்டாவது செக்கனில் 14.7 மீற்றர். அதாவது முதற் செக்கனைப்போல மூன்று மடங்கு. மரம் இன்னும் உயரமாக இருந்து மூன்றாவது செக்கனும் விழுந்திருந்தால் 24.5 மீற்றர், ஐந்து மடங்கு. 1, 3, 5. காற்றின் தடை இந்த எண்களைச் சற்றுக் குறைக்கும். இவ்வளவு உயரத்துக்குத் தேங்காய்போன்ற பாரமான பொருளில் அது பெரிதாகத் தெரியாது.

விழும் பொருள் சம நேரங்களில் ஒற்றை எண்களின் விகிதத்தில் தூரம் கடக்கிறது என்பதைக் கலிலியோ 1638இல் வெளியான தம் நூலில் எழுதினார். நேராக விழும் பொருளைப் பின்தொடர அன்று தக்க கடிகாரம் இல்லை. ஆகவே சரிவான பலகையில் ஒரு காடி வெட்டி, அதில் வெண்கலக் குண்டை உருளவிட்டு, ஒரு பாத்திரத்திலிருந்து மெல்லிய தாரையாக ஒழுகிய தண்ணீரை நிறுத்து நேரத்தை அளந்தார்.

ஏன் ஒற்றை எண்கள்? வேக-நேர வரைபை வரைந்தால் காரணம் படத்திலேயே இருக்கிறது. ஆர்முடுகல் மாறாதது என்பதால் வரைபு பூச்சியத்திலிருந்து மேலேறும் ஒரு நேர்கோடு. அதன் கீழுள்ள பரப்பளவுதான் கடந்த தூரம். முதற் செக்கனின் கீழே இருப்பது ஒரு சிறு முக்கோணி. இரண்டாவது செக்கனின் கீழே அதே உயரத்துக்கு ஒரு செவ்வகமும் அதன் தலையில் அதே முக்கோணியும். செவ்வகம் இரண்டு முக்கோணிக்குச் சமம், ஆகவே மொத்தம் மூன்று. அடுத்த செக்கனில் கீழே இன்னொரு செவ்வகம் கூடுகிறது, அதாவது இன்னும் இரண்டு முக்கோணி, மொத்தம் ஐந்து. ஒவ்வொரு செக்கனுக்கும் இரண்டு கூடும், தலையில் எப்போதும் ஒன்று இருக்கும். சதுரத்தில் மூலைக்கு ஒன்று இருந்த இடத்தில் இங்கே நுனிக்கு ஒரு முக்கோணி. இரண்டு கைகள் நீண்ட இடத்தில் இங்கே ஒரு செவ்வகம்.

செக்கனை நாம்தான் தேர்ந்தெடுத்தோம், தேங்காய்க்கு அதைப் பற்றி ஒன்றும் தெரியாது. அரைச் செக்கனால் அளந்தால் ஒற்றை எண்கள் குலைந்துபோகுமா? இரண்டு செக்கனை நான்கு அரைச் செக்கன்களாக்குங்கள். தூரங்கள் 1.225, 3.675, 6.125, 8.575 மீற்றர். முதலாவதால் மற்றவற்றை வகுத்தால் 1, 3, 5, 7. முதல் இரண்டையும் கூட்டினால் பழைய 4.9, பின் இரண்டையும் கூட்டினால் பழைய 14.7, மீண்டும் ஒன்றுக்கு மூன்று. காற்செக்கனால் வெட்டினால் எட்டுத் துண்டு வரும். முதல் நான்கு 1, 3, 5, 7 சேர்ந்து 16, அடுத்த நான்கு 9, 11, 13, 15 சேர்ந்து 48. அதுவும் ஒன்றுக்கு மூன்று.

நிறுத்தி வைத்த 1875-க்கு இப்போது விடை சொல்லலாம். நான்குக்கு நான்கு சதுரத்தை நெடுக்கும் குறுக்குமாக நடுவில் ஒரு கோடு போட்டுப் பிரித்தால் நான்கு சம சதுரங்கள். இடது மேல் மூலையில் இருப்பது முதல் இரண்டு மூலைமட்டங்கள். மற்ற மூன்றையும் பின் இரண்டு மூலைமட்டங்கள் நிரப்புகின்றன. ஐம்பதுக்கு ஐம்பது சதுரத்திலும் அப்படியே. 1 முதல் 49 வரையுள்ளவை ஒரு மூலையை எடுத்துக்கொள்ள, 51 முதல் 99 வரையுள்ளவை மீதி மூன்றையும் மூடுகின்றன. தேங்காயின் முதற் செக்கனை எத்தனை சமதுண்டாக வெட்டினாலும் இரண்டாவது செக்கனுக்கு அதே எண்ணிக்கைத் துண்டுகள்தான் வரும். முதற் பாதி ஒரு சதுரம் என்றால் மறுபாதி அதே சதுரத்தின் மூன்று பங்கு.